இரண்டு நாள் தாமதம், மூன்று மாத வட்டி

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது, கட்ட வேண்டிய வரிக்குக் கீழே 234பி, 234சி என்று இரண்டு வரிகளில் சிறு தொகைகள் வந்து நிற்கும். பெரும்பாலானவர்கள் அது என்னவென்று கேட்பதில்லை. "ஏதோ வட்டியாம்" என்று ஆடிட்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பணத்தைக் கட்டிவிடுவார்கள். அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்பவர்களும், வங்கிக் கடனைப்போல எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாளுக்கு வட்டி என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இந்த வட்டிக்கு நாள் கணக்கே கிடையாது. ஆனாலும், பணம் கட்டிய தேதிதான் அதை முடிவு செய்கிறது. முரணாகத் தோன்றும் இந்த விஷயம் புரிந்துவிட்டால், பேனாவும் ஒரு தாளும் போதும்; முழுக் கணக்கையும் நாமே போட்டுவிடலாம்.

முதலில் யாருக்கு இது பொருந்தும் என்பதைப் பார்த்துவிடுவோம். ஓர் ஆண்டின் மொத்த வருமான வரியிலிருந்து, ஏற்கெனவே பிடிக்கப்பட்ட டி.டி.எஸ். தொகையைக் கழித்த பிறகு ரூ.10,000 அல்லது அதற்கு மேல் மீதம் இருந்தால், அந்த மீதியை ஆண்டு முடிவதற்குள்ளேயே தவணைகளாகக் கட்ட வேண்டும். இதுதான் அட்வான்ஸ் டாக்ஸ் எனப்படும் முன்கூட்டிய வரி. ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45 சதவீதம், டிசம்பர் 15-க்குள் 75 சதவீதம், மார்ச் 15-க்குள் முழுவதும் கட்டியிருக்க வேண்டும். இவை தனித்தனித் தவணைகளின் அளவு அல்ல. அந்தத் தேதிவரை மொத்தமாகச் சேர்ந்திருக்க வேண்டிய அளவு. 60 வயது நிறைந்த, இந்தியாவில் வசிக்கும், தொழில் வருமானம் எதுவும் இல்லாத மூத்த குடிமக்களுக்கு இந்தக் கடமை கிடையாது. அனுமான அடிப்படையில் வருமானம் காட்டும் சிறு வியாபாரிகளுக்கும் தொழில்முறையாளர்களுக்கும் நான்கு தேதிகள் இல்லை. மார்ச் 15 என்ற ஒரே தேதிதான்.

சிக்கிக்கொள்பவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள். "எனக்குத்தான் ஆபீசிலேயே பிடித்துவிடுகிறார்களே" என்று இருந்துவிடுவார்கள். அப்படி ஒருவரைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. 2025-26 நிதியாண்டில், நிலையான கழிவு போக வரிக்குரிய சம்பளம் ரூ.16 லட்சம். புதிய வரி முறையில் அதற்கான வரி, செஸ் சேர்த்து ரூ.1,24,800. அலுவலகம் அதை முழுதாகப் பிடித்துவிட்டது. அவருக்கு அப்பா விட்டுச்சென்ற இரண்டு கடைகள் இருக்கின்றன. மாதம் ஆளுக்கு ரூ.20,000 வாடகை. ஆண்டுக்கு ரூ.4,80,000. அதில் பராமரிப்புக்கென்று சட்டம் தரும் 30 சதவீதக் கழிவு போனால் ரூ.3,36,000. வங்கி வைப்புத்தொகையில் வட்டி ரூ.64,000. அதில் வங்கி 10 சதவீதம், அதாவது ரூ.6,400 பிடித்திருக்கிறது. வாடகையில் யாரும் எதுவும் பிடிக்கவில்லை.

ஆக மொத்த வருமானம் ரூ.20 லட்சம். வரி, செஸ் சேர்த்து ரூ.2,08,000. அலுவலகம் பிடித்த ரூ.1,24,800, வங்கி பிடித்த ரூ.6,400 இரண்டையும் கழித்தால் ரூ.76,800 மிஞ்சுகிறது. பக்கத்து வருமானத்துக்கு 20 சதவீத வரி. வங்கி பிடித்ததோ 10 சதவீதம், கடைக்காரர்கள் பிடித்தது ஒன்றுமில்லை. இடைவெளி இங்கேதான் உருவானது. இந்த ரூ.76,800-தான் இனி வரும் கணக்குக்கெல்லாம் அடிப்படை.

அவர் முழுக்க அசட்டையாக இருந்தவரும் அல்ல. ஜூன் 16-ஆம் தேதி ரூ.10,000, செப்டம்பர் 17-ஆம் தேதி ரூ.20,000, டிசம்பர் 12-ஆம் தேதி ரூ.20,000, 2026 மார்ச் 25-ஆம் தேதி ரூ.10,000 என்று நான்கு முறை கட்டியிருக்கிறார். மொத்தம் ரூ.60,000. நான்கு தவணை, நான்கு சலான். இதற்கு வட்டி எவ்வளவு?

234சி பிரிவிலிருந்து தொடங்குவோம். இது ஆண்டுக்குள் தவணை தவறியதற்கான வட்டி. நான்கு தேதிகளிலும் நின்று, "இன்றுவரை மொத்தம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது?" என்ற ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். சேர்ந்தது குறைவாக இருந்தால், குறைந்த தொகைக்கு மாதம் 1 சதவீதம். முதல் மூன்று தவணைகளுக்கு மூன்று மாதம், கடைசித் தவணைக்கு ஒரு மாதம். எப்போது கட்டினார் என்பது அதற்குப்பின் பொருட்டே இல்லை. மூன்று மாதம் என்றால் மூன்று மாதம்தான்.

முதல் தேதி ஜூன் 15. 2025-இல் அது ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாளில் வங்கி விடுமுறையாக இருந்து அடுத்த வேலை நாளில் கட்டினால் வட்டி கிடையாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1994 ஜனவரியில் வெளியிட்ட 676-ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. எனவே திங்கட்கிழமை கட்டிய ரூ.10,000 காலத்தோடு கட்டியதுதான். ஆனால் ரூ.76,800-இல் 15 சதவீதம் என்பது ரூ.11,520 ஆயிற்றே, ரூ.1,520 குறைகிறதே? இங்கே சட்டம் ஒரு சலுகை தருகிறது. ஆண்டின் தொடக்கத்தில் வருமானத்தைத் துல்லியமாகக் கணிக்க முடியாது என்பதால், ஜூனில் 12 சதவீதமும் செப்டம்பரில் 36 சதவீதமும் கட்டியிருந்தாலே போதும், வட்டி கேட்பதில்லை. 12 சதவீதம் என்பது ரூ.9,216. அவர் அதைத் தாண்டிவிட்டார். ஜூனுக்கு வட்டி இல்லை.

அடுத்தது செப்டம்பர் 15, திங்கட்கிழமை. அன்றுவரை சேர்ந்திருந்தது ஜூனில் கட்டிய ரூ.10,000 மட்டுமே. ரூ.20,000 கட்டியது 17-ஆம் தேதி. சலுகை எல்லையான 36 சதவீதம் ரூ.27,648. அதை எட்டவில்லை. எட்டாவிட்டால் குறைவு 36 சதவீதத்திலிருந்து கணக்கிடப்படாது. முழு 45 சதவீதத்திலிருந்து கணக்கிடப்படும். 45 சதவீதம் ரூ.34,560, ரூ.10,000 போகக் குறைவு ரூ.24,560. வட்டிக்கான தொகையில் நூறுக்குக் கீழே உள்ளதை விட்டுவிட வேண்டும் என்பது வருமான வரி விதி 119ஏ. ஆக ரூ.24,500. மாதம் 1 சதவீதம், மூன்று மாதம்: ரூ.735.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அதே ரூ.20,000-ஐ அவர் இரண்டு நாள் முன்பு, 15-ஆம் தேதியே கட்டியிருந்தால் மொத்தம் ரூ.30,000 ஆகியிருக்கும். அது ரூ.27,648-ஐத் தாண்டுகிறது, வட்டி ஒரு ரூபாய்கூட இல்லை. இரண்டு நாளின் விலை ரூ.735. இன்னொன்றும் கவனியுங்கள். செப்டம்பர் 15-ஐத் தவறவிட்டவர் 17-ஆம் தேதி கட்டினாலும், டிசம்பர் 15 வரை இழுத்தடித்துக் கட்டினாலும் செப்டம்பர் தவணைக்கான வட்டி அதே ரூ.735 தான். இது நியாயமாக எனக்குப் படவில்லை. தவறை உணர்ந்து மறுநாளே ஓடிவந்து கட்டுபவரையும், மூன்று மாதம் பணத்தை வைத்திருந்தவரையும் ஒரே தட்டில் வைக்கிற விதி, சீக்கிரம் கட்டும் ஊக்கத்தைக் கெடுக்கிறது. வேண்டியவருக்கு இந்த வட்டியைத் தள்ளுபடி செய்யும் வழக்கமும் இல்லை. 234ஏ, 234பி, 234சி ஆகியவற்றின் கீழான வட்டி கட்டாயமானது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2001-இல் அஞ்சும் காஸ்வாலா வழக்கில் சொல்லிவிட்டது. மாற வேண்டுமென்றால் சட்டம்தான் மாற வேண்டும்.

டிசம்பர் 15-க்கு வருவோம். 12-ஆம் தேதி கட்டிய ரூ.20,000 காலத்தில் சேர்ந்தது. மொத்தம் ரூ.50,000. தேவை 75 சதவீதம், அதாவது ரூ.57,600. இந்தத் தவணைக்குச் சலுகை எல்லை கிடையாது. ஒரு நூறு ரூபாய் குறைந்தாலும் வட்டி உண்டு. குறைவு ரூ.7,600. மூன்று மாதத்துக்கு ரூ.228.

மார்ச் 15, 2026-உம் ஞாயிறு. 16-ஆம் தேதிவரை அவகாசம். அவர் கட்டியது 25-ஆம் தேதி. எனவே இங்கேயும் சேர்ந்தது ரூ.50,000 மட்டும். குறைவு ரூ.26,800. ஒரு மாதத்துக்கு ரூ.268. மூன்றையும் கூட்டினால் 234சி வட்டி ரூ.1,231.

அப்படியானால் மார்ச் 25-இல் கட்டிய ரூ.10,000 வீணா? இல்லை. அது 234பி பிரிவில் கைகொடுக்கிறது. மார்ச் 31 வரை கட்டுவது எல்லாமே முன்கூட்டிய வரிதான். 234பி கேட்கும் கேள்வி வேறு: ஆண்டு முடியும்போது, மார்ச் 31 அன்று, கட்ட வேண்டியதில் 90 சதவீதமாவது சேர்ந்திருந்ததா? ரூ.76,800-இல் 90 சதவீதம் ரூ.69,120. அவர் கட்டியது ரூ.60,000. இன்னும் ரூ.9,120 கட்டியிருந்தால் 234பி அவரைத் தொட்டிருக்காது. கட்டாததால், முழுக் குறைவான ரூ.16,800-க்கும் ஏப்ரல் 1-இலிருந்து மாதம் 1 சதவீதம் ஏறத் தொடங்குகிறது. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம். ஏப்ரல் 2-ஆம் தேதி கட்டினாலும் ஏப்ரல் முழுவதற்கும் வட்டி. ஜூலை 31-க்குப் பதில் ஆகஸ்ட் 1 என்றால் இன்னொரு மாதம்.

அவர் 2026 ஜூலை 10-ஆம் தேதி மீதியைக் கட்டிவிட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்கிறார் என்றால் ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என்று நான்கு மாதம். ரூ.16,800-க்கு 4 சதவீதம் ரூ.672. ஆகக் கட்ட வேண்டியது வரி ரூ.16,800, 234சி ரூ.1,231, 234பி ரூ.672; மொத்தம் ரூ.18,703.

இடையில் கொஞ்சம் கட்டினால் கணக்கு எப்படி மாறும்? மே 20-ஆம் தேதி கையில் ரூ.5,000 இருந்தது, கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐயாயிரமும் வரியில் கழிந்துவிடும் என்று நினைப்பது இயல்பு, அப்படிக் கழிவதில்லை. சுயமதிப்பீட்டு வரியாகக் கட்டும் பணம் போதாமல் இருந்தால், அது முதலில் தாமதக் கட்டணத்துக்கும், பிறகு வட்டிக்கும், மிச்சம்தான் வரிக்கும் போகும். மே மாதம்வரை 234பி இரண்டு மாதம், ரூ.336. அதோடு 234சி ரூ.1,231. இரண்டும் சேர்ந்து ரூ.1,567 முதலில் போகிறது. வரியில் கழிவது ரூ.3,433 மட்டுமே. மீதி வரி ரூ.13,367. நூறுக்குக் கீழே விட்டால் ரூ.13,300, ஜூன், ஜூலை இரண்டு மாதத்துக்கு வட்டி ரூ.266. ஜூலை 10-இல் அவர் கட்ட வேண்டியது ரூ.13,633. மொத்தமாகப் பார்த்தால் ரூ.70 மிச்சம். தொகை பெரிதாக இருப்பவர்களுக்கு இந்த மிச்சமும் அதற்கேற்பப் பெரிதாகும்.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் சரியாகப் போட்ட கணக்கும் வேறு இடத்தில் இடறிவிழும். ரிட்டர்ன் மென்பொருள் வட்டியைத் தானே கணக்கிட்டுவிடுகிறது. அதற்கு ஆதாரம், நாம் கட்டிய ஒவ்வொரு சலானின் பி.எஸ்.ஆர். குறியீடு, சலான் எண், தேதி, தொகை ஆகியவைதான். இணையதளத்தில் சலான் படிவத்தை உருவாக்கிய தேதி கணக்கில் வராது. பணம் போய்ச் சேர்ந்த தேதியே கணக்கு. 15-ஆம் தேதி இரவு படிவத்தைத் தயாரித்துவிட்டு, மறுநாள் ஆர்.டி.ஜி.எஸ். மூலம் பணம் அனுப்பினால் சலானில் மறுநாள் தேதிதான் இருக்கும்.

அதைவிடப் பெரிய குழப்பம் ஜூன் மாதத்தில் நடக்கும். அந்த மாதத்தில் போன ஆண்டுக்கான மீதி வரியும் கட்டலாம், இந்த ஆண்டுக்கான முதல் தவணையும் கட்ட வேண்டும். 2025 ஜூனில் முன்கூட்டிய வரி கட்டியவர் e-Pay Tax பக்கத்தில் மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்றும், வகை Advance Tax (100) என்றும் தேர்ந்திருக்க வேண்டும். பழக்கத்தில் 2025-26 என்று தேர்ந்திருந்தால் அந்தப் பணம் போன ஆண்டின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். இந்த ஆண்டின் ஜூன் தவணை வெறுமையாக இருக்கும். மார்ச் 31-க்குப் பின் கட்டுவதற்கு Self-Assessment Tax (300). கட்டியவுடன் சலானைத் திறந்து ஆண்டையும் வகையையும் படித்துவிட்டால், தவறு இருந்தாலும் இணையதளத்திலேயே திருத்தக் கோரும் வசதி இருக்கிறது. ஒரு வருடம் கழித்து நோட்டீஸ் வந்தபிறகு கண்டுபிடித்தால் அலைச்சல்தான்.

இன்னொரு கட்டம் நிலம், வீடு, பங்குகள் விற்றவர்களுக்கானது. ஜனவரியில் மனை விற்று லாபம் வரும் என்பதை ஜூனில் யாரும் அறிந்திருக்க முடியாது. அதனால் மூலதன ஆதாயம், டிவிடெண்ட் போன்றவற்றால் முந்தைய தவணைகளில் ஏற்பட்ட குறைவுக்கு 234சி வட்டி இல்லை. லாபம் வந்தபின் உள்ள தவணைகளில், அல்லது தவணை எதுவும் மிஞ்சாவிட்டால் மார்ச் 31-க்குள், அதற்கான வரியைக் கட்டிவிட வேண்டும் என்பது நிபந்தனை. ரிட்டர்னில் இந்த லாபம் எந்தக் காலப்பகுதியில் வந்தது என்று ஒரு அட்டவணை கேட்கும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஜூன் 15-க்கு முந்தைய கட்டத்தில் போட்டுவிட்டால், மென்பொருள் நான்கு தவணைக்கும் வட்டி போட்டுவிடும். 234சி தொகை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த அட்டவணையை. வாடகைக்கும் வங்கி வட்டிக்கும் இந்தச் சலுகை இல்லை. நவம்பரில் கடை வாடகையைக் கூட்டினாலும், ஜூன் தவணை ஆண்டு முடிவில் தெரியவரும் முழு வரியை வைத்தே அளக்கப்படும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. 2026-27 வருமானத்துக்குப் பிரிவு எண்கள் வேறு. 2025-26 வருமானத்துக்கு, ரிட்டர்ன் எப்போது தாக்கல் செய்தாலும், 1961-ஆம் ஆண்டுச் சட்டமே.

மதுரைக்காரருக்கு டிசம்பரிலேயே ஒரு வழி இருந்தது. டி.டி.எஸ். தொகைக்குத் தவணைத் தேதி கிடையாது. அது ஆண்டில் எந்த மாதம் பிடிக்கப்பட்டாலும், தொடக்கத்திலேயே மொத்த வரியிலிருந்து கழிந்துவிடும். வாடகையையும் வங்கி வட்டியையும் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தால், அதற்கான வரியையும் சம்பளத்திலேயே பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. டிசம்பர் 12-இல் ரூ.50,000 கட்டி முடித்த அவர், மீதி ரூ.26,800-ஐ ஜனவரி முதல் மார்ச் வரையிலான சம்பளத்தில் பிடிக்கச் சொல்லியிருந்தால், தவணைகளுக்கான அடிப்படைத் தொகையே ரூ.76,800-இலிருந்து ரூ.50,000 ஆகச் சுருங்கியிருக்கும். ஜூன், டிசம்பர், மார்ச் மூன்றும் நிறைவு. 234பி இல்லை. செப்டம்பருக்கு மட்டும் ரூ.22,500-க்கு ரூ.10,000 இருந்ததால் குறைவு ரூ.12,500, மூன்று மாத வட்டி ரூ.375. ரூ.1,903 வட்டி கட்ட வேண்டியவர் ரூ.375-உடன் முடித்திருப்பார். பிப்ரவரிச் சம்பளத்தில் பிடித்த பணம், முடிந்துபோன செப்டம்பர் தவணையின் வட்டியையும் பாதியாக்கிவிடுகிறது.

வாடகையோ வைப்புத்தொகை வட்டியோ உள்ள சம்பளக்காரர்கள், டிசம்பர் தவணை கட்டும் வாரத்திலேயே அந்த வருமான விவரத்தை எழுதி அலுவலகக் கணக்குப் பிரிவில் கொடுத்துவிடுங்கள். மார்ச் சம்பளம் போட்ட பிறகு கொடுத்தால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது.